எஸ்எம்எஸ் ஓடிபியும் சிம் ஸ்வாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

## ஃபோன் என் கையில்தானே இருக்கிறது, எனக்கு வரும் ஓடிபி வேறொருவருக்கு எப்படிப் போகும்?

ஓடிபி அனுப்பப்படுவது உங்கள் எண்ணுக்கு. அந்த எண் எந்த சிம்மில் இருக்கிறது என்பதை முடிவு செய்வது மொபைல் நிறுவனத்தின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஐஎம்எஸ்ஐ என்ற அடையாள எண் ஒன்று இருக்கும். "இந்த மொபைல் எண்ணுக்கு வருவதெல்லாம் இந்த ஐஎம்எஸ்ஐக்குப் போகட்டும்" என்று அந்தப் பதிவு சொல்கிறது. சிம் தொலைந்தால் கடைக்குப் போய், அதே எண்ணில் புது சிம் வாங்கி வருகிறோமே, அப்போது நடப்பது இதுதான்: எண் அப்படியே இருக்க, அதற்கு எதிரே இருக்கும் ஐஎம்எஸ்ஐயை ஊழியர் மாற்றுகிறார். பழைய சிம் அந்த நிமிடத்தோடு செத்துவிடும். உங்களுக்குப் பதில் ஒரு திருடன் இதே மாற்றத்தைச் செய்துகொண்டால், அதற்குப் பெயர்தான் சிம் ஸ்வாப்.

இந்த மாற்றத்தைச் செய்யக்கூடியவர்கள் நிறைய பேர். கடை ஊழியர், கஸ்டமர் கேரில் பேசுபவர், டீலர், சில இடங்களில் ஒரு இணையதளப் படிவம். உங்கள் எல்லாக் கணக்குகளுக்கும் சாவியாக எண்ணை வைத்திருக்கிறீர்கள் என்றால், இவர்கள் ஒவ்வொருவரிடமும் அந்தச் சாவி இருக்கிறது என்றுதான் பொருள். நீங்கள் ஃபோனை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் இது மாறாது.

## சிம் ஸ்வாப் செய்பவர்கள் அதை எப்படிச் சாதிக்கிறார்கள்?

பெரும்பாலும் பேச்சிலேயே. உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி போன்றவற்றை எங்காவது கசிந்த தகவல்களிலிருந்து எடுத்துக்கொண்டு, "ஃபோன் உடைந்துவிட்டது, புது சிம் வேண்டும்" என்று கஸ்டமர் கேரைக் கூப்பிடுவார்கள், அல்லது போலி அடையாள அட்டையோடு கடைக்கே போவார்கள். உள்ளே இருக்கும் ஊழியருக்குப் பணம் கொடுத்துக் காரியத்தை முடிப்பதும் உண்டு. இன்னொரு வழி, உங்கள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்வது. அட்டை இல்லாமல் ஃபோனிலேயே ஏற்றிக்கொள்ளும் இசிம் வந்த பிறகு கடை வாசலைக்கூட மிதிக்க வேண்டியதில்லை. மொபைல் நிறுவனத்தின் செயலியில் உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிட்டால், வேறு ஃபோனில் இசிம்மை ஏற்றிக்கொள்ளலாம்.

நிறுவனங்கள் ஆளைச் சரிபார்ப்பதில்லையா என்று கேட்பீர்கள். சரிபார்க்கின்றன. எப்படி என்பதுதான் பிரச்சினை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஐந்து மொபைல் நிறுவனங்களில் ப்ரீபெய்டு எண்களை வாங்கி, தாங்களே தங்கள் எண்களைப் "பறித்து"ப் பார்த்து, 2020 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 50 முயற்சிகளில் 39 வெற்றி. அவர்கள் செய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. "கடைசியாக எப்போது ரீசார்ஜ் செய்தீர்கள், எவ்வளவு?" என்று சில நிறுவனங்கள் கேட்டன. ரீசார்ஜை யார் வேண்டுமானாலும் யார் எண்ணுக்கு வேண்டுமானாலும் செய்யலாம். ஆக, திருடன் முதல் நாள் உங்கள் எண்ணுக்கு ஒரு சிறு தொகை ரீசார்ஜ் செய்துவிட்டு, மறுநாள் அதையே ஆதாரமாகச் சொன்னால் போதும். "சமீபத்தில் யாரிடம் பேசினீர்கள்?" என்றும் சில நிறுவனங்கள் கேட்டன. உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, நீங்கள் திருப்பிக் கூப்பிட்டால், அந்தப் பதில் திருடனுக்குத் தெரிந்துவிடும். தெரியாத எண்ணிலிருந்து வரும் மிஸ்டு காலைத் திருப்பிக் கூப்பிடாமல் விட இது கூடுதலாக ஒரு காரணம்.

## உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்ல முடியுமா?

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். வழக்கு நீதிமன்றம் வரை போனதால் விவரங்கள் பொதுவெளியில் இருக்கின்றன.

2024 ஜனவரி 9. பிட்காயினை அடிப்படையாகக் கொண்ட ஃபண்டுகளுக்கு ஆணையம் அனுமதி தருமா என்று சந்தை காத்திருந்த நேரம். அன்று ஆணையத்தின் எக்ஸ் கணக்கான @SECGov இல், அனுமதி கொடுத்துவிட்டதாக ஒரு பதிவு வந்தது. பிட்காயின் விலை 1,000 டாலருக்கு மேல் எகிறியது. கொஞ்ச நேரத்தில் பதிவு போலி என்று ஆணையம் அறிவிக்க, விலை 2,000 டாலருக்கு மேல் சரிந்தது.

இதன் பின்னணியில் நடந்தது இது. அந்தக் கணக்கோடு ஒரு மொபைல் எண் இணைக்கப்பட்டிருந்தது. அந்த எண் யாருடையது, அவருடைய விவரங்கள் என்ன என்பதைச் சிலர் கண்டுபிடித்து, அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கு அனுப்பினார்கள். அவர் தன்னிடமிருந்த அட்டை பிரிண்டரில் ஒரு போலி அடையாள அட்டையை அச்சடித்துக்கொண்டு மொபைல் கடைக்குப் போனார். தன் ஃபோன் உடைந்துவிட்டது, புது சிம் வேண்டும் என்றார். கொடுத்தார்கள். பக்கத்தில் ஒரு புது ஐஃபோன் வாங்கி சிம்மைப் போட்டார். எக்ஸ் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான குறியீடு அந்த ஃபோனுக்கு வந்தது. அதைக் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். அவர்கள் உள்ளே நுழைந்து பதிவைப் போட்டார்கள். இவர் ஃபோனைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார். 2024 அக்டோபரில் கைதானார், 2025 மே மாதம் 14 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் கணக்கில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பே அப்போது இல்லை. லாகின் செய்வதில் ஏதோ சிக்கல் வந்ததால் 2023 ஜூலையில் அதை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், மறுபடி போடவில்லை. ஆனால் எண் மட்டும் கணக்கில் இணைந்தே இருந்தது. திருடர்களுக்குப் பழைய பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. எண்ணை வைத்தே புதிய பாஸ்வேர்டு போட முடிந்தது.

## என் பாஸ்வேர்டு ரொம்ப வலுவானது. எண் மட்டும் போனால் என்ன ஆகிவிடும்?

"பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்ற இணைப்பை எப்போதாவது அழுத்தியிருப்பீர்கள். அதற்குப் பிறகு என்ன கேட்கிறது என்பதுதான் உங்கள் கணக்கின் உண்மையான பூட்டு. எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பி, அதை இட்டவுடன் புதிய பாஸ்வேர்டு கேட்கும் தளங்கள் இருக்கின்றன. அங்கே எஸ்எம்எஸ் இரண்டாவது பூட்டாக இல்லை, அது ஒன்றுதான் பூட்டு. உங்கள் 20 எழுத்துப் பாஸ்வேர்டு பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. முன்னே சொன்ன பிரின்ஸ்டன் குழு 140க்கும் மேற்பட்ட தளங்களைப் பார்த்ததில், 17 தளங்களில் சிம் ஸ்வாப் ஒன்றே கணக்கைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது.

அப்புறம் இது சங்கிலியாக ஓடும். எண் போனால் மின்னஞ்சலை மீட்கலாம். மின்னஞ்சல் கிடைத்தால் அதை வைத்து மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றலாம். உங்களிடம் எந்தெந்த நிறுவனங்களில் கணக்கு இருக்கிறது என்ற பட்டியலும் அந்த இன்பாக்ஸிலேயே கிடைக்கும். அதனால்தான் எண்ணைப் பறித்தவர்கள் பொதுவாக முதலில் போவது மின்னஞ்சலுக்கு.

லாகின் குறியீட்டை ஃபோனிலேயே காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஃபோனில் இல்லாமல் வேறொரு பிரவுசரில், லாகின் ஆகாத நிலையில், உங்கள் மின்னஞ்சல் முகவரியை இட்டு, பாஸ்வேர்டு மறந்துவிட்டதாகச் சொல்லிப் பாருங்கள். "வேறு வழியில் முயலவும்" என்பதை அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது "••••••42 என்ற எண்ணுக்குக் குறியீடு அனுப்பவா?" என்று வந்தால், முன்வாசலில் நல்ல பூட்டு, கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. பார்த்த பிறகு அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியேறுங்கள்.

## சிம்மைத் தொடாமலேயே ஓடிபியை எடுக்க முடியுமா?

முடியும். எண்ணிக்கையில் பார்த்தால் சாதாரண ஆளுக்கு சிம் ஸ்வாப்பைவிட இவைதான் அதிகம் நேரும் என்பது என் கருத்து.

முதலாவது ஃபிஷிங். உண்மையான தளத்தைப் போலவே ஒரு போலிப் பக்கம். நீங்கள் பாஸ்வேர்டை இடுகிறீர்கள். பின்னால் இருக்கும் நிரல் அதை அதே நொடியில் உண்மையான தளத்தில் இடுகிறது. உண்மையான தளம் உங்களுக்கு உண்மையான ஓடிபியை அனுப்புகிறது. நீங்களே அதைப் போலிப் பக்கத்தில் இடுகிறீர்கள். குறியீடு சில நிமிடங்களில் காலாவதியாகும் என்பது இங்கே உதவாது, திருடனுக்குத் தேவை சில நொடிகள்தான். இதையே தொலைபேசியில் பேசியும் செய்வார்கள்: "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கில் சந்தேகமான பரிவர்த்தனை, அதை ரத்து செய்ய வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்." எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படித்தால் அது எதற்கான ஓடிபி என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பதற்றத்தில் யாரும் ஆறு இலக்கத்தைத் தாண்டிப் படிப்பதில்லை.

இரண்டாவது, ஃபோனில் இருக்கும் கெட்ட செயலி. எஸ்எம்எஸ் படிக்கவும், நோட்டிஃபிகேஷன்களைப் பார்க்கவும் அனுமதி வாங்கிக்கொண்டு, வரும் குறியீடுகளைச் சத்தமில்லாமல் வேறெங்கோ அனுப்பிவிடும். பெரும்பாலும் செயலிக் கடைக்கு வெளியே, ஏதோ ஒரு இணைப்பில் வந்த ஏபிகே ஃபைலை நிறுவியதால் இது நடக்கும்.

மூன்றாவது, அழைப்பைத் திருப்பிவிடுவது. சில சேவைகள் எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் குரல் அழைப்பில் குறியீட்டைச் சொல்லும். "நெட்வொர்க் பிரச்சினையைச் சரிசெய்ய இதை டயல் செய்யுங்கள்" என்று ஒருவர் `**21*` என்று தொடங்கும் ஒன்றைக் கொடுத்து, அதற்குப் பின்னால் தன் எண்ணைச் சேர்த்திருந்தால், உங்கள் அழைப்புகள் எல்லாம் அவருக்குப் போய்விடும். ஜிஎஸ்எம் வழிவந்த பெரும்பாலான நெட்வொர்க்குகளில் இதைப் பார்க்கவும் நீக்கவும் டயல் செய்ய வேண்டியவை:

```
*#21#     அழைப்பு திருப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்க
##002#    எல்லாத் திருப்பல்களையும் நீக்க
```

நான்காவது, நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும் ஓட்டை. மொபைல் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற முறை, ஒருவரையொருவர் நம்பலாம் என்றிருந்த காலத்தில் உருவானது. அதற்குள் நுழைய வழி கிடைத்தவர், "இந்த எண் இப்போது என் நெட்வொர்க்கில் ரோமிங்கில் இருக்கிறது" என்று சொல்லி எஸ்எம்எஸ்களைத் தன் பக்கம் இழுக்கலாம். ஜெர்மனியில் 2017 இல் இப்படி வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்தார்கள். கணக்கு விவரங்களை முன்னதாகவே திருடி வைத்துக்கொண்டு, ஓடிபிக்கு மட்டும் இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். இதைச் செய்ய வசதியும் தொடர்பும் வேண்டும் என்பதால் நம்மில் பலர் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

## என் எண் பறிபோகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிக்னல் திடீரென்று போய்விடும். திரையில் `No Service` என்றோ `Emergency calls only` என்றோ நிற்கும். வைஃபையில் இருந்தால் வாட்ஸ்அப்பும் இணையமும் ஓடிக்கொண்டே இருப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. அதனால்தான் இரவிலும் விடுமுறை நாட்களிலும் இதைச் செய்வது திருடர்களுக்கு வசதி.

டவர் பிரச்சினையா, சிம் ஸ்வாப்பா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஃபோனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சிக்னல் வரவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவரின் ஃபோனிலிருந்து உங்கள் எண்ணைக் கூப்பிடுங்கள். உங்கள் ஃபோன் செத்துக் கிடக்கும்போது மறுமுனையில் மணி அடித்தால், உங்கள் எண் வேறெங்கோ உயிரோடு இருக்கிறது. அழைப்பு திருப்பல் போட்டிருந்தாலும் மணி அடிக்கலாம், ஆனால் இரண்டில் எதுவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டியதுதான்.

சில நேரம் முன்னறிவிப்பும் வரும். "உங்கள் சிம் மாற்றக் கோரிக்கை பெறப்பட்டது" என்றோ, போர்ட் செய்வதற்கான குறியீடு என்றோ ஓர் எஸ்எம்எஸ். நீங்கள் கேட்காமல் இப்படி ஒன்று வந்தால் ஏதோ தவறுதலாக வந்தது என்று ஒதுக்காதீர்கள். உங்களிடம் சிக்னல் இருக்கும்போதே மொபைல் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

## நடந்தே விட்டது. முதலில் என்ன செய்வது?

இன்னொரு ஃபோனிலிருந்து மொபைல் நிறுவனத்தைக் கூப்பிட்டு, "என் அனுமதி இல்லாமல் சிம் மாற்றப்பட்டிருக்கிறது, எண்ணை உடனே முடக்குங்கள்" என்று சொல்லுங்கள். எண்ணைத் திரும்பப் பெறுவது இரண்டாவது வேலை. முடக்குவது முதல் வேலை, ஏனென்றால் எண் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குறியீடுகள் அங்கே போய்க்கொண்டிருக்கும்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் அந்த அழைப்பில் காத்திருப்பதை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் மின்னஞ்சலுக்குப் போங்கள். ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் கணினியோ ஃபோனோ இருந்தால் அதுதான் இப்போது உங்கள் பெரிய சொத்து, அதில் லாக்அவுட் செய்துவிடாதீர்கள். அதிலிருந்தே மீட்பு எண்ணை நீக்குங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள். அடுத்து வங்கி: கூப்பிட்டு, இணைய வழிப் பரிவர்த்தனைகளை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

எண் திரும்பக் கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. மின்னஞ்சல் அமைப்புகளுக்குள் போய், ஃபார்வேர்டிங், ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். வங்கியிலிருந்து வரும் அஞ்சல்களை வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு இன்பாக்ஸிலிருந்து அழிக்கும்படி ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். மீட்பு மின்னஞ்சல், பாஸ்வேர்டுக்குப் பதில் லாகின் செய்ய உதவும் பாஸ்கீ ஏதாவது புதிதாகச் சேர்ந்திருக்கிறதா, உங்களுக்குத் தெரியாத ஆத்தென்டிகேட்டர் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். காவல்துறையில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கி வைப்பது, பணம் போயிருந்தால் வங்கியோடு வாதாடத் தேவைப்படும்.

## இவ்வளவு ஆபத்து என்றால் எஸ்எம்எஸ் ஓடிபியை இப்போதே நிறுத்திவிடலாமா?

வேறொன்றைப் போடாமல் நிறுத்த வேண்டாம். கூகுள் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, மீட்பு எண்ணுக்கு வரும் எஸ்எம்எஸ் குறியீடு தானியங்கித் தாக்குதல்களை முழுவதுமாகவும், மொத்தமாக அனுப்பப்படும் ஃபிஷிங்கில் 96 சதவீதத்தையும் தடுத்தது. ஒருவரைக் குறிவைத்து வரும் தாக்குதல்களில் அது 76 சதவீதமாக இறங்கியது. லாகின் செய்யப் பயன்படும் தனிக் கருவியான பாதுகாப்புச் சாவி வைத்திருந்தவர்கள் மூன்றிலும் தப்பித்தார்கள். ஆக, பாஸ்வேர்டு மட்டும் இருப்பதைவிட எஸ்எம்எஸ் எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் பெயரைத் தெரிந்துகொண்டு வருபவனிடம் அது தள்ளாடும்.

## ஆத்தென்டிகேட்டர் செயலி இணையமே இல்லாமல் சரியான எண்ணைக் காட்டுகிறதே, எப்படி?

அந்த எண்ணை யாரும் அனுப்புவதில்லை என்பதால். முதலில் ஒரு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தீர்கள் அல்லவா, அதற்குள் இருப்பது இப்படி ஒரு வரி:

```
otpauth://totp/Mail:user@example.com?secret=JBSWY3DPEHPK3PXP&issuer=Mail
```

`secret` என்று இருக்கும் அந்த ரகசியம் உங்கள் ஃபோனிலும் தளத்தின் சர்வரிலும் இருக்கிறது. இரண்டு பக்கமும் இப்போதைய நேரத்தை 30 நொடித் துண்டுகளாக எண்ணி, அந்த எண்ணிக்கையையும் ரகசியத்தையும் ஒரே கணக்கில் போட்டு ஆறு இலக்கத்தை எடுக்கின்றன. டிஓடிபி என்று இதற்குப் பெயர், 2011 இல் ஆர்எஃப்சி 6238 என்ற தரநிலையாக வந்தது. மொபைல் நிறுவனத்துக்கு இதில் வேலையே இல்லை. எண்ணைப் பறித்தவனுக்கு இந்தக் குறியீடு கிடைக்காது.

குறியீடு சரியாக இட்டும் தவறு என்று வந்தால், பெரும்பாலும் ஃபோன் கடிகாரம் விலகியிருக்கும். நேரத்தைத் தானியங்கியாக்கினால் சரியாகிவிடும். அந்த க்யூஆர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைத்திருக்காதீர்கள். படம் கிடைத்தவருக்கு இனி வரப்போகும் எல்லாக் குறியீடுகளும் கிடைத்த மாதிரி.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஃபிஷிங் பக்கத்தில் நீங்களே அந்த ஆறு இலக்கத்தை இட்டால் எஸ்எம்எஸ் கதைதான் இங்கேயும்.

## பாஸ்கீ மட்டும் ஏன் ஃபிஷிங்கில் சிக்காது என்கிறார்கள்?

உங்களிடம் சொல்வதற்கு எண்ணே இல்லை என்பதால். பாஸ்கீ உருவாகும்போது உங்கள் சாதனம் இரண்டு சாவிகளைச் செய்கிறது. ஒன்று உங்களிடமே இருக்கும், மற்றொன்று தளத்துக்குப் போகும். லாகின் செய்யும்போது தளம் ஒரு சவாலை அனுப்ப, உங்கள் சாதனம் தன் சாவியால் கையெழுத்திட்டுத் திருப்புகிறது. அந்தச் சாவி தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது. `example.com` க்கான சாவியை `example-login.com` கேட்டால் பிரவுசர் தராது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதை உங்கள் கண் கவனிக்கிறதா என்பது இங்கே பொருட்டே இல்லை.

இது காகிதத்தில் மட்டும் உள்ள நன்மை இல்லை. 2022 ஜூலையில் இணையப் பாதுகாப்புச் சேவைகள் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு ஒரு நிமிடத்துக்குள் எஸ்எம்எஸ்கள் வந்தன. இணைப்பு `cloudflare-okta.com` என்ற பக்கத்துக்குப் போனது, அந்த முகவரி பதிவு செய்யப்பட்டே 40 நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று பேர் பாஸ்வேர்டை இட்டுவிட்டார்கள். அடுத்து அந்தப் பக்கம் ஆத்தென்டிகேட்டர் குறியீட்டைக் கேட்டது. ஆனால் அங்கே எல்லா ஊழியர்களும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி பயன்படுத்துபவர்கள், கொடுக்க அவர்களிடம் குறியீடு இல்லை. பாஸ்வேர்டு கையில் இருந்தும் திருடர்களால் உள்ளே போக முடியவில்லை. அதே சமயத்தில் அதே மாதிரித் தாக்குதலில் ட்விலியோ நிறுவனத்துக்குள் நுழைந்தார்கள். பாஸ்கீயும் அந்தச் சாவியும் ஒரே ஃபைடோ தரநிலையில் இயங்குபவை. ஒன்று ஃபோனிலோ கணினியிலோ இருக்கிறது, மற்றது தனிக் கருவி.

## சரி, எனக்குப் பத்து இருபது கணக்கு இருக்கிறது. எங்கே தொடங்குவது?

மின்னஞ்சலில். அதை மட்டும் இன்று முடித்தாலே பாதிக்கு மேல் தேறிவிடும். முதலில் ஒரு பாஸ்கீ சேருங்கள். முடிந்தால் இரண்டாவது சாதனத்திலும் ஒன்று, அல்லது ஒரு பாதுகாப்புச் சாவி. பிறகு, மற்ற வழிகள் கைவிட்டால் லாகின் செய்யத் தளம் தரும் பேக்கப் குறியீடுகளை எடுத்துக் காகிதத்தில் எழுதி, வீட்டில் முக்கியமான பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஃபோனில் படமாக வைத்தால், ஃபோன் தொலையும் அன்றுதான் அது தேவைப்படும். இதெல்லாம் வேலை செய்கிறது என்று ஒருமுறை லாகின் செய்து பார்த்த பிறகே, மீட்பு எண்ணை நீக்குங்கள். இந்த வரிசை முக்கியம். எண்ணை முதலில் நீக்கிவிட்டு ஃபோனைத் தண்ணீரில் போட்டவர்கள், திருடன் யாரும் வராமலேயே தங்கள் கணக்குக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்.

அடுத்து பாஸ்வேர்டு மேனேஜர், பணம் சம்பந்தப்பட்டவை, பிறகு மொபைல் நிறுவனத்தின் கணக்கு. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே பலவீனமான பாஸ்வேர்டு இருந்தால் இசிம் அந்த வழியாகத்தான் போகும். மற்றவை கைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் எண்ணை நீக்க முடியாது, எண்ணே அங்கே கணக்கு. ஆனால் இரண்டிலும் இரு கட்டச் சரிபார்ப்பு என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், உங்கள் எண்ணைப் பறித்தவன் எஸ்எம்எஸ் குறியீட்டோடு நீங்கள் வைத்த பின் நம்பரையோ பாஸ்வேர்டையோ சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

## வங்கி எஸ்எம்எஸ் தவிர வேறு எதுவும் தருவதில்லை. நான் என்ன செய்ய?

அப்படியானால் எண்ணைக் காப்பாற்றுவதுதான் வழி. உங்கள் மொபைல் நிறுவனத்திடம் எண் பூட்டு, போர்ட் பூட்டு, சிம் மாற்றத்துக்குத் தனி பின் என்று ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வெவ்வேறு பெயர்களில் பல இடங்களில் இருக்கிறது, கேட்டால்தான் போடுவார்கள். இதனால் ஏமாறக்கூடிய ஊழியர் இருந்தாலும் ஒரு படி கூடுகிறது. உள்ளேயே விலைபோன ஊழியரை இது எப்போதும் நிறுத்தும் என்று சொல்ல முடியாது.

வங்கியின் செயலிக்குள்ளேயே அனுமதி கேட்கும் வசதி இருந்தால் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அதைத் தேர்ந்தெடுங்கள். வங்கிக்கென்று யாருக்கும் கொடுக்காத தனி எண் வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை. சமூக ஊடகத்திலும் விசிட்டிங் கார்டிலும் இல்லாத எண்ணை, எதைப் பறிப்பது என்று தெரியாமல் பறிக்க முடியாது. ஆனால் அந்த சிம்மை அவ்வப்போது ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணே போய்விடும். பரிவர்த்தனை எச்சரிக்கைகளை எஸ்எம்எஸ்ஸோடு மின்னஞ்சலுக்கும் வரும்படி வையுங்கள். எண் பறிபோனாலும் அந்தத் தகவல் உங்களை வந்து சேரும்.

## சிம் கார்டுக்கு பின் நம்பர் போட்டால் சிம் ஸ்வாப்பைத் தடுக்குமா?

தடுக்காது. அந்த பின் பூட்டுவது உங்கள் கையில் இருக்கும் சிம்மை. ஸ்வாப்பில் திருடனிடம் இருப்பது புதிய சிம். இருந்தாலும் போட்டு வையுங்கள், ஃபோனைத் திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டு ஓடிபி வாங்குவதை அது தடுக்கும். கூடவே, பூட்டிய திரையில் எஸ்எம்எஸ் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மாற்றுங்கள். இல்லாவிட்டால் பின் எதுவும் தெரியாமலேயே ஆறு இலக்கத்தைத் திரையில் படித்துவிடலாம்.

## பழைய எண்ணை விட்டுவிட்டுப் புது எண் வாங்கிவிட்டேன். பழையதில் ஏதும் ஆபத்து உண்டா?

உண்டு. விடப்பட்ட எண்ணைச் சில காலம் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் திருடராக இருக்க வேண்டியதில்லை. அவரே ஒரு புதுக் கணக்கு தொடங்கப் போய், அந்த எண்ணில் ஏற்கெனவே உங்கள் கணக்கு இருப்பதைப் பார்த்து, ஓடிபி போட்டு உள்ளே வந்துவிடலாம். எண்ணை விடுவதற்கு முன், உங்கள் எஸ்எம்எஸ் பெட்டியில் "ஓடிபி", "code", "verification" என்று தேடினால், அந்த எண்ணை எங்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்துவிடும். ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால், பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்கும் கணக்குகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் திறந்து பழைய எண்ணை எடுத்துவிடுங்கள்.